பேன் லோஷனும் ஒன்பதாம் நாளும்

லோஷன் போட்ட அன்று செத்த பேன்களைப் பார்த்து நிம்மதி. இரண்டு வாரத்தில் பிள்ளை மறுபடி தலையைச் சொறிகிறாள். உடனே பழி பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் மேல் விழும், அல்லது 'மருந்து டூப்ளிகேட்' என்று கடைக்காரர் மேல் விழும். இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் பல வீடுகளில் இப்போது ஊர்வது வெளியிலிருந்து வந்த பேன் அல்ல. முதல்முறை லோஷன் போட்டபோது ஈறாக இருந்து தப்பித்ததுதான் பொரிந்து வளர்ந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் மருந்துகளில் ஒன்று 1 சதவீத பெர்மெத்ரின் லோஷன். அது பேனின் நரம்பைத் தாக்கிக் கொல்கிறது. புதிதாக இட்ட ஈறுக்குள் சில நாட்களுக்கு நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. தாக்குவதற்கு உள்ளே எதுவும் இல்லாததால் மருந்து எவ்வளவு நல்லதானாலும் ஈறில் ஒரு பகுதி பிழைத்துக்கொள்ளும். அதனால்தான் இரண்டாவது முறை போட வேண்டியிருக்கிறது. அதை எந்த நாளில் போடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள்.

கணக்கு எளிது. ஈறு பொரிய ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானே ஈறு வைக்க இன்னும் 9 முதல் 12 நாள் ஆகும். அப்படியென்றால் இரண்டாம் முறை போடும்போது பழைய ஈறுகள் அநேகமாக எல்லாம் பொரிந்திருக்க வேண்டும், பொரிந்தவற்றில் ஒன்றுகூட ஈறு வைக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துவது ஒன்பதாம் நாள். பயந்துபோய் மூன்றாம் நாளே மறுபடி போட்டால் பாதி ஈறு இன்னும் ஓட்டுக்குள் பத்திரமாக இருக்கும். 'அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால் அடுத்த தலைமுறை ஈறு வந்திருக்கும்.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். இடுப்பு வரை கூந்தல், இரட்டைச் சடை. ஞாயிறு காலை முதல் லோஷன். அதை பூஜ்யமாம் நாள் என்று வைத்து எண்ணினால் ஒன்பதாம் நாள் அடுத்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. பள்ளி நாள்தான், ஆனாலும் சாயங்காலம் வந்ததும் செய்துவிடலாம். மருந்து தலையில் இருக்க வேண்டியது பத்தே நிமிடம். லீவு நாளில்தான் முடியும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: அடுத்தடுத்து மூன்று ஞாயிறு, அதாவது பூஜ்யம், 7, 14. ஏழாம் நாளில் பொரியாமல் தங்கிய ஈறை மூன்றாவது ஞாயிறு பிடித்துவிடும். ஏழாம் நாளோடு நிறுத்திக்கொள்வதில்தான் ஆபத்து.

அடுத்தது அளவு. 60 மில்லி பாட்டில் ஒன்று சாதாரணக் கூந்தல் உள்ள ஒரு தலைக்கானது. தோளைத் தாண்டிய அடர்ந்த கூந்தலுக்கு இரண்டாவது பாட்டில் தேவைப்படலாம். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே பாட்டிலைப் பங்கிட்டால் இரண்டு தலையும் அரைகுறையாக நனையும், இரண்டிலும் பேன் மிஞ்சும். மில்லிக் கணக்கைவிட நல்ல அடையாளம் ஒன்று உண்டு: மண்டைத்தோலும் முடியும் எல்லா இடத்திலும் ஈரமாக இருக்க வேண்டும். உச்சியில் ஊற்றி மேலாகத் தேய்ப்பது போதாது. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் பேன் அதிகம் அடையும், ஆகவே அங்கிருந்து தொடங்கி, வகிடு வகிடாகப் பிரித்துப் போட வேண்டும்.

நம் வீடுகளில் முதலில் எண்ணெயைப் போக்க வேண்டும். சடையைப் பிரித்து, கண்டிஷனர் கலக்காத ஷாம்பூவால் அலசுங்கள். கண்டிஷனர் முடியின் மேல் ஒரு படலமாகப் படிந்து மருந்தை ஒட்டவிடாது. பிறகு துண்டால் நன்றாகத் துவட்டுங்கள். நீர் சொட்டும் முடியில் போட்டால் லோஷன் நீர்த்துப்போகும். பிள்ளையின் கண்ணைத் துண்டால் மூடச் சொல்லிவிட்டு லோஷனைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் விட்டு அலசுங்கள். இரவு முழுக்க ஊறவைப்பதால் கூடுதல் பலன் கிடையாது. அலசும்போது குளிக்க வைத்துவிடாமல், வாளிக்கு மேல் தலையைக் குனியச் சொல்லித் தண்ணீர் ஊற்றினால் மருந்து உடம்பெல்லாம் வழியாது. அதன்பின் ஓரிரு நாள் ஷாம்பூ போட வேண்டாம். முடியில் ஒட்டியிருக்கும் கொஞ்ச மருந்து புதுக் குஞ்சுகளைக் கொல்ல உதவும். இரண்டு மூன்று நாளுக்கொரு முறை, இரண்டு மூன்று வாரம் பேன் சீப்பால் வாரிவர வேண்டும். லோஷன் இந்த வேலையை மிச்சப்படுத்தாது என்பது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மருந்து வேலை செய்ததா என்று எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பேன்கள் செத்திருந்தாலோ தள்ளாடி மெதுவாக நகர்ந்தாலோ சரி, ஒன்பதாம் நாள் வரை காத்திருக்கலாம். செத்தது ஒன்றுகூட இல்லை, எல்லாம் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடுகிறது என்றால் அந்த மருந்து அந்தப் பேன்களிடம் எடுபடவில்லை. அதையே திரும்பப் போடாமல் வேறு மருந்துக்கு மருத்துவரைக் கேளுங்கள். அரிப்பு மட்டும் தொடர்வது தோல்விக்கு அடையாளமல்ல. முடியில் தொங்கும் ஈறும் அப்படித்தான். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது, ஆகவே தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருக்கும் ஈறு பெரும்பாலும் வெற்று ஓடு.

வயது விஷயத்தில் பாட்டிலின் முன்பக்கப் படத்தை நம்பாமல் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். 1 சதவீத பெர்மெத்ரின் இரண்டு மாதக் குழந்தை முதல் போடலாம். ஐவர்மெக்டின் லோஷன் ஆறு மாதத்துக்கு மேல். பைரெத்ரின் கலந்தது இரண்டு வயதுக்கு மேல். மாலத்தியான் லோஷனை இரண்டு வயதுக்குக் கீழ் அறவே கூடாது, அமெரிக்க லேபிளில் வரம்பு ஆறு வயது. அது தீப்பற்றக்கூடியது என்பதால் காயும்வரை அடுப்புப் பக்கமே போகக் கூடாது. 'காமா பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு' என்று எழுதியிருந்தால் அது லிண்டேன். வலிப்பு வரவழைக்கக்கூடியது, சிறு உடம்புக்கு ஆபத்து அதிகம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பேனுக்கு அதைப் பரிந்துரைப்பதை நிறுத்திவிட்டது. மலிவாகக் கிடைத்தாலும் பிள்ளைகளுக்கு நான் வாங்க மாட்டேன். கடையில் 'பெர்மெத்ரின்' என்று மட்டும் கேட்டால் 5 சதவீத க்ரீம் கைக்கு வரலாம். அது சிரங்குக்கு உடம்பில் பூசுவது. பேனுக்கு 1 சதவீதம் என்று சொல்லிக் கேளுங்கள்.

சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தலையில் பூசும் பழக்கம் இன்னும் இருக்கிறது. பேன் சாகலாம், ஆனால் அது கண்ணில் வழிந்தால் கருவிழி புண்ணாகும். கண் மருத்துவர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கும் பாதிப்பு இது. மண்ணெண்ணெய்யும் வேண்டாம்.

அந்தச் சிறுமியோடு ஒரே பாயில் படுக்கும் ஐந்து வயதுத் தம்பிக்கும் அதே நாளில் லோஷன் போட்டுவிடலாம். வீட்டில் மற்றவர்களின் தலையைப் பார்த்து, உயிருள்ள பேன் இருந்தால் மட்டும் போட்டால் போதும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தையின் தலையில் பேன் ஏறியிருந்தால் எந்த லோஷனும் வேண்டாம். விரலாலும் பேன் சீப்பாலும் எடுத்தால் போதும்.