நியான் குழாயில் ‘டீக்கடை’ என்று எழுத எந்த எழுத்துரு வளைந்து கொடுக்கும்?

கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டீக்கடை. அதன் பெயரை நியான் விளக்கில் எழுதப் போகிறீர்கள். எந்த எழுத்துரு?

கம்பிக் கோலத்தை நினையுங்கள். கை எடுக்காமல் ஒரே இழையாக ஓட வேண்டும். நியானும் அப்படித்தான். கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் ஏறும் மின்சாரம் உள்ளிருக்கும் வாயு வழியே ஓடி மறுமுனையில் இறங்க வேண்டும்.

அதனால் தடிமனும் மெலிவுமாக மாறும் அச்செழுத்து உதவாது. அதன் இரு விளிம்புகளையும் குழாயாக்கினால் இரட்டைக்கோடு ஆகிவிடும். Noto Sans Tamil Thin போல ஒரே தடிமனில் ஓடும் எழுத்தை எடுத்து, அதன் நடுக்கோட்டின் மேல் வரையுங்கள்.

‘ட’ சுலபம், ஒரே ஒரு மூலை. அதையும் சற்று உருட்டிவிடுங்கள். கூர்மையாக மடித்தால் கண்ணாடி நசுங்கும். ‘டை’யின் சுழிதான் சோதனை. 12 மி.மீ. குழாயில், நடுவே 12 மி.மீ. இடைவெளி விட்டாலே சுழி 36 மி.மீ. அகலமாகும். சுழி எழுத்தின் உயரத்தில் கால் பங்கு என்றால், எழுத்து சுமார் 15 செ.மீ. உயரம் வேண்டும். அதைவிடச் சிறிதானால் இரவில் சுழி ஒளித்திட்டாகத் தெரியும்.

‘க்’கின் புள்ளிக்கு? குழாயைப் பின்பக்கம் வளைத்து மேலே கொண்டுபோய், இணைக்கும் துண்டில் கறுப்புப் பெயின்ட் பூசுவார்கள்.