பூக்குமுன் அறுங்கள்

மாடித் தட்டில் முளைக்கீரை போட்டால் ஒருமுறை வேரோடு பிடுங்குவதோடு சரி. திரும்பத் திரும்பத் தழைக்க வேண்டுமானால் அரைக்கீரைதான் தோது. இப்படிக் கிள்ளி எடுப்பதற்கென்றே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ 3 என்ற கீரை ரகத்தை வெளியிட்டது. நன்றாகப் பராமரித்தால் அதை மூன்று மாதத்தில் பத்து முறைவரை கிள்ளலாம். ஆனால் பல வீடுகளில் இரண்டாம் அறுப்பு முடிவதற்குள் கீரை பூத்துவிடுகிறது. பூத்த கீரையில் இலை சிறுத்துத் தண்டு நாராகிவிடும்.

பூப்பதற்கு முதல் காரணம் பகலின் நீளம். கீரை, பகல் குறையும்போது பூக்கும் இனம். சென்னையில் ஜூனில் ஏறக்குறைய 13 மணி நேரம் இருக்கும் பகல், டிசம்பரில் 11½ மணியை ஒட்டிச் சுருங்கும். அதை நாம் மாற்ற முடியாது. ஆனால் தாகமும் பசியும் நெருக்கமும் சேர்ந்தால் எந்த மாதத்திலும் செடி அவசரமாகப் பூத்து விதைக்குப் போய்விடும். அவற்றைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

தட்டு ஓர் அடி அகலம், இரண்டடி நீளம் இருக்கட்டும். ஆழம் அரை அடிக்குக் குறையக் கூடாது. அதற்கும் குறைந்தால் வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு சிட்டிகை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிதாக மண் போட்டால் போதும். இருபதாம் நாள் வாக்கில் நெருக்கமானவற்றைப் பிடுங்கிச் சமைத்துவிட்டு, நான்கு விரல் இடைவெளியில் மற்றவற்றை நிறுத்துங்கள். இரக்கப்பட்டு விட்டுவைக்கும் செடிகள்தான் முதலில் பூக்கும்.

நான்காம் வாரம் முதல் அறுப்பு. எவ்வளவு உயரத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டு வெட்டினால், ஒவ்வொரு கணுவிலிருந்தும் புதுக் கிளை வரும். தரையோடு வெட்டினால் துளிர்க்க இடமிருக்காது. அறுத்த கையோடு ஒரு கைப்பிடி மண்புழு உரம் தூவி நீர் ஊற்றுங்கள். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம்.

நான்கு தட்டுகளை மூன்று வார இடைவெளியில் ஒவ்வொன்றாக விதைத்தால் கீரை அறுபடாது. முதல் தட்டு 12 வாரத்தில் ஓய்ந்து மறுவிதைப்புக்குத் தயாராகும்போது, இரண்டாவதும் மூன்றாவதும் அறுப்பில் இருக்கும். நான்காவதில் களைந்தெடுத்த நாற்று கிடைக்கும். ஐப்பசி முதல் தை வரை இந்த ஒழுங்கைத் தளர்த்தி, இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு விதைத்து, இரண்டு மூன்று அறுப்போடு மாற்றிவிடுவதே நல்லது.

அறுக்கும்போது இலையிடுக்கைப் பாருங்கள். மடிந்த குட்டி இலை தெரிந்தால் அது துளிர். சொரசொரப்பான பச்சை உருண்டை தெரிந்தால் பூங்கொத்து. நுனியில் மட்டும் என்றால் கிள்ளிவிட்டுத் தொடரலாம். அடிக்கணு வரை உருண்டை கட்டிவிட்டால் அந்தச் செடியில் இனி நல்ல இலை வராது; பிடுங்கிவிடுங்கள். விதைக்கு விடுவதானால், தட்டில் கடைசியாகப் பூத்த செடிகளையே விடுங்கள். முந்திப் பூத்தவற்றின் விதையை எடுத்துவைத்தால் அடுத்த தட்டிலும் அவசரக்காரச் செடிகளே முளைக்க வாய்ப்பு அதிகம்.