475 டிகிரியில் நொறுங்கும் எஃகு

குரோமியம் மிகுந்த ஃபெர்ரைட் வகை எஃகை 475 டிகிரி செல்சியஸ் சூட்டில் நூற்றுக்கணக்கான மணி நேரம் வைத்திருந்து, ஆறியபின் சம்மட்டியால் அடித்தால், வளையாமல் நொறுங்கிவிடும். சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் பழைய எஃகாகவே தெரியும். கெட்டுப்போனது அதைவிட ஆழத்தில், அணுக்களின் அளவில்.

அதிக வெப்பத்தில் இரும்பும் குரோமியமும் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரே திண்மக் கரைசலாக இருக்கும். சூடு குறைந்தால் அந்தக் கலப்பு நிலைக்காது. குரோமியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் என்று பிரியத் தொடங்கும். எப்படிப் பிரியும் என்பதைக் குரோமியத்தின் அளவுதான் முடிவு செய்கிறது.

குரோமியம் 20 சதவீத அளவில் இருந்தால் முதலில் ஒரு கரு உருவாக வேண்டும். தற்செயலாகச் சில குரோமியம் அணுக்கள் கூடினாலும், அந்தக் கூட்டத்தைச் சுற்றி எல்லை அமைக்க ஆற்றல் செலவாகும். சிறிய கூட்டங்கள் அந்தச் செலவைத் தாங்காமல் கலைந்துபோகும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய கூட்டம் மட்டுமே பிழைக்கும். அது பிறக்கும்போதே பெரும்பாலும் குரோமியமாக இருக்கும். பிறகு சுற்றுப்புறத்திலிருந்து அணுக்களை ஈர்த்துப் பருக்கும். கடைசியில் இரும்புக்குள் தனித்தனி மணிகள் சிதறிக் கிடக்கும்.

35 சதவீதம் இருந்தால் கருவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓரிடத்தில் குரோமியம் 36, பக்கத்தில் 34 என்ற சிறு வேறுபாடு வந்தாலே ஆற்றல் குறைகிறது. அதனால் அணுக்கள் வழக்கத்துக்கு மாறாக, குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்கே நகர்கின்றன. 36 நாற்பதாகும், 34 முப்பதாகும். வேறுபாடு வளர்ந்துகொண்டே போகும். இது எஃகு முழுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். இதற்கு ஸ்பைனோடல் பிரிவு என்று பெயர். மேட்ஸ் ஹில்லர்ட் தொடங்கிய கணக்கை 1961இல் ஜான் கான் முழுமையாக வகுத்தார். அலை மிகக் குறுகினால் எல்லைச் செலவு கூடும். மிக நீண்டால் அணுக்கள் வெகுதூரம் நடக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே சில நானோமீட்டர் அகலமுள்ள அலையே வெல்கிறது. கிடைப்பது மணிகள் அல்ல, ஒன்றோடொன்று பின்னிய கடற்பஞ்சு போன்ற அமைப்பு.

இரண்டையும் பிரித்தறிய, அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் அணு ஆய்வுக் கருவி உதவுகிறது. தொடக்கத்தில் அலையின் அகலம் அதிகம் மாறாமல் குரோமியச் செறிவு மட்டும் ஏறினால் ஸ்பைனோடல். செறிவு மாறாமல் மணிகள் பருத்தால் கரு. நாள் கடந்தால் இரண்டுமே தடித்துவிடும், வேறுபாடு மங்கிவிடும். ஆகவே ஆரம்பத்திலேயே பார்க்க வேண்டும்.

இப்படிப் பிரிந்த எஃகில் அணு அடுக்குகள் எளிதில் வழுக்க முடியாது. அதனால் ஃபெர்ரைட் கடினமாகி, வளையும் தன்மையை இழக்கிறது. ஃபெர்ரைட் எஃகைச் சுமார் 550 முதல் 600 டிகிரிவரை சிறிது நேரம் சூடாக்கி விரைவாகக் குளிரவைத்தால், பிரிந்தவை மீண்டும் கரைந்து உறுதி திரும்பும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக் குழாய்க்கு அந்த வைத்தியம் எளிதல்ல. ஃபெர்ரைட் கலந்த டூப்ளெக்ஸ் எஃகைச் சுமார் 300 டிகிரிக்கு மேல் நீண்ட காலம் பயன்படுத்தாமல் பொறியாளர்கள் தவிர்ப்பது இதனால்தான்.