தலைமை அதிகாரியிடம் கேட்கும் கேள்விகள்

நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி எல்லா ஊழியர்களையும் ஒருசேரச் சந்திக்கும் கூட்டம் ‘டவுன் ஹால்’ எனப்படுகிறது. பல ஊர்களில் இருந்து ஆயிரக்கணக்கானோர் பார்க்கும்போது, எழுந்து கேட்க நாலைந்து பேருக்கே நேரம் கிடைக்கும். அதனால் கூட்ட அறிவிப்பிலேயே கேள்விகளை எழுதி அனுப்பச் சொல்லும் பழக்கம் வந்தது.

இதில் அதிகம் பேசப்பட்டது கூகுள் நிறுவனத்தின் முறை. லாரி பேஜ், செர்கே பிரின் காலத்திலிருந்தே அங்கு வாராந்தரக் கூட்டம் நடந்துவந்தது. ஊழியர்கள் தங்கள் கேள்விகளை ‘டோரி’ என்ற உள் தளத்தில் பதிந்துவந்தார்கள். மற்றவர்கள் அவற்றுக்கு வாக்களித்தார்கள். அதிக வாக்கு பெற்றவை மேலே வந்தன. எந்தக் கேள்வியைப் பலர் கேட்க விரும்புகிறார்கள் என்பது எல்லோர் கண்ணிலும் படுவதால், சங்கடமான கேள்வியை ஓசையின்றி ஒதுக்கிவிடுவது கடினம். இந்த முறையின் பெரிய பலம் அதுதான்.

வாக்குமுறைக்கு ஒரு குறையும் உண்டு. முதல் நாளில் பதிவான கேள்வி கடைசி வரை வாக்கு சேர்த்துக்கொண்டே போகும். கடைசி நாளில் வந்த நல்ல கேள்வி அடியில் கிடக்கும். பட்டியலின் உச்சியில் முதல் நாள் கேள்விகளே நிறைந்திருந்தால் இது நடந்திருக்கிறது என்று அறியலாம். கேள்விகளைப் பெறுவதை முதலில் முடித்து, வாக்கெடுப்பைத் தனியாக அதன்பின் நடத்தினால் இது பெரிதும் சரியாகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் 2017 ஆகஸ்டில் வெளிப்பட்டது. பாலின வேறுபாடு பற்றிக் குறிப்பு எழுதிய பொறியாளர் ஒருவரை கூகுள் பணிநீக்கம் செய்திருந்தது. அது குறித்துப் பேச, மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை ஆகஸ்ட் 10 அன்று டவுன் ஹாலுக்கு அழைத்திருந்தார். ஆனால் டோரியில் பதிவான கேள்விகள் வெளியே கசிந்தன. சில ஊழியர்களின் பெயர்களும் இணையத்தில் பரவின. கேள்வி கேட்டதற்காகவே பொதுவெளியில் தாக்கப்படுவோமோ என்று ஊழியர்கள் அஞ்சினார்கள். கூட்டம் தொடங்கச் சற்று முன்பு பிச்சை அதை ரத்து செய்தார்.

ஆகவே, கேள்வியோடு பெயரும் பதிவாகுமா, அதை யார் யார் பார்ப்பார்கள் என்பதை அறிவிப்பு தேதி, நேரத்துக்கு இணையாகத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயரின்றி அனுப்பலாம் என்று எழுதினால் மட்டும் போதாது. ஐந்து பேர் வேலை செய்யும் கிளையின் இரவுப் பணிப்படியைப் பற்றிய கேள்வி என்றால், கேட்டவர் யார் என்பதை மேலாளர் எளிதில் ஊகித்துவிடுவார். எனவே கேள்விகளைத் தொகுப்பவர், பொருளை மாற்றாமல், இடத்தையும் துறையையும் காட்டும் சொற்களை நீக்கிவிட வேண்டும். காரமான சொற்களை மழுப்புவது அவர் வேலையல்ல. மழுப்பினால் அனுப்பியவருக்குத் தன் கேள்வியே அடையாளம் தெரியாது, அடுத்த முறை அவர் எழுதமாட்டார்.

ஒரு மணி நேரக் கூட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் பதில் சொல்வது அரிது. மீதமுள்ளவற்றுக்கு எழுத்தில் பதில் வரும் நாளையும் முதல் அறிவிப்பிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும்.