டி.பி. மாத்திரையும் மஞ்சள் கண்ணும்

காசநோய் சிகிச்சை தொடங்கும் நாளில், "சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்புவார்கள். ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம் அது. சொல்ல வேண்டிய தகவல்தான். ஆனால் சில வாரம் கழித்து மஞ்சள் காமாலையால் சிறுநீர் நிறம் மாறும்போதும், "மாத்திரைதானே" என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அதனால் சிறுநீரை மட்டும் நம்பாமல், வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். அது மஞ்சளாக இருந்தாலோ, சோற்றைக் கண்டாலே குமட்டினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ கல்லீரல் அடிபட்டிருக்கலாம்.

முதல் 2 மாதம் தரப்படும் நான்கு மருந்துகளில் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு ஆகிய மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அவற்றில் பைராசினமைடுதான் அதிகம் பயப்பட வேண்டியது. நான்காவதான எதாம்புடாலால் கல்லீரலுக்குப் பெரும்பாலும் தொல்லை இல்லை. பாதிப்பு வந்தால், பெரும்பாலும் இந்த முதல் 2 மாதத்துக்குள்தான் வரும்.

44 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை தினம் மூன்று தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்காவது வாரம் வாந்தி; கண்ணும் மஞ்சள். ரத்தப் பரிசோதனையில் 40-க்குள் இருக்கவேண்டிய எஸ்.ஜி.பி.டி. 380, ஒன்றுக்குள் இருக்கவேண்டிய பிலிரூபின் 3.2. அறிகுறி இருக்கும்போது எஸ்.ஜி.பி.டி. மூன்று மடங்கைத் தாண்டினாலே மருந்தை நிறுத்தவேண்டும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு அந்த எல்லை ஐந்து மடங்கு. அதற்குக் கீழே லேசாக ஏறுவது பலருக்கும் உண்டு. மருந்து தொடரும்போதே தானாக இறங்கியும் விடும். இவருக்கோ ஒன்பது மடங்குக்கு மேல். அன்றே மாத்திரை அத்தனையும் நிற்கிறது. காமாலை தெரிந்தபிறகும் விழுங்கிக்கொண்டே இருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கும்.

காரணம் மாத்திரைதானா என்பதையும் மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்களுக்குச் சோதனை உண்டு. குடிப்பழக்கம், பாராசிட்டமால், நாட்டு மருந்து எல்லாவற்றையும் கேட்பார்கள், மறைக்காமல் சொல்லவேண்டும். நம் ஊரில் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடிப் போகிறோம். டி.பி. மாத்திரையை நிறுத்தாமல் கீழாநெல்லியையும் அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தால், கைநழுவிப் போவது பொன்னான நாட்கள்.

நோய் கடுமையாக இருந்தால் கிருமியைச் சும்மா விட்டுவைக்க முடியாது. எதாம்புடால், லீவோஃப்ளாக்சசின் போன்ற கல்லீரலை அவ்வளவாகத் தொடாத மருந்துகளால் இடைவெளியைச் சமாளிப்பார்கள். நோயாளி நிலையாக இருந்தால், கல்லீரல் தேறும்வரை மருந்தே இல்லாமல் காத்திருப்பதும் உண்டு.

இரண்டு வாரத்தில் அந்தப் பெண்ணின் எஸ்.ஜி.பி.டி. 70-க்கு வந்துவிட்டது, பிலிரூபினும் இறங்கிவிட்டது. இயல்பின் இருமடங்கான 80-க்குக் கீழே வந்ததால் மீண்டும் தொடங்கலாம். ஆனால் பழைய மாத்திரையைத் தருவதில்லை. நான்கும் ஒன்றாய் இருப்பதில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் தனித்தனி மருந்தாக வரவழைக்கிறார்கள். பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு முறையில், எதாம்புடாலோடு ரிஃபாம்பிசின் முதலில் வருகிறது. சிகிச்சைக்கு முதுகெலும்பான மருந்து அது. மூன்றில் கல்லீரலைக் கெடுக்கும் வாய்ப்பும் அதற்குக் குறைவு. மூன்று முதல் ஏழு நாள் கழித்து ரத்தம் பார்த்து, எண் ஏறவில்லை என்றால் ஐசோனியசிட்டைச் சேர்க்கிறார்கள். மறுபடி சில நாள், மறுபடி ரத்தம். எந்த மருந்தைச் சேர்த்தபின் எண் ஏறுகிறதோ, அதை விலக்கிவிடுவார்கள்.

இந்தப் பெண்ணுக்கு இரண்டும் ஒத்துக்கொண்டன. காமாலைவரை போனவர் என்பதால் பைராசினமைடை மறுபடி கொடுத்துப் பார்க்கவில்லை. அதற்கு ஈடாக, ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமாக நீள்கிறது.

டெல்லி மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்ட 175 பேருக்கு மூன்று விதமான முறைகளில் மருந்தை மீண்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி கல்லீரல் கெட்டது 19 பேருக்குத்தான். ஒரு பிரிவினருக்கு மூன்று மருந்தையும் முழு அளவில் ஒரே நாளில் தொடங்கியும்கூட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த முடிவு இது. ஆனாலும், அவர்கள் மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். வீட்டில் மிஞ்சிய அட்டையை நாமே எடுத்து விழுங்குவதற்கு இது அனுமதி ஆகாது.

நிறுத்தியதும் வாந்தி நிற்கும், பசி திரும்பும். "இந்த மருந்து நமக்கு ஒத்துக்கலை" என்று பலர் மருத்துவமனைப் பக்கமே வராமல் போவது அப்போதுதான். நுரையீரலில் கிருமி அப்படியே இருக்கிறது. வீட்டில் யாருக்காவது டி.பி. மாத்திரை நிறுத்தப்பட்டிருந்தால், அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு என்று கேட்டு, தேதியைக் குறித்துவைத்து, அந்த நாளில் கூடவே போய்வாருங்கள்.