மதகு ஷட்டரைத் தூக்கும் கைச்சுழலிக்கு வார்ம் சக்கரம் வரையும் முறை

ஏரி மதகுகளின் ஷட்டரைக் கயிற்றாலும் உருளையாலும் தூக்குமிடத்தில், கைப்பிடியை விட்டவுடன் அது பின்னோக்கிச் சுழன்று கையை முறிக்கும் அபாயம் உண்டு. இதற்கு வார்ம் என்னும் திருகுத் தண்டும், அதனோடு பொருந்தும் பற்சக்கரமும் தக்க பரிகாரமாகும். தண்டு சக்கரத்தைத் திருப்பும். சக்கரம் தண்டைத் திருப்ப இயலாது. அவ்வமைப்பைக் கம்ப்யூட்டரில் மாதிரியாக வரைந்து, பட்டறைக்கு அனுப்புமுன் சரிபார்க்கும் விதம் இங்கு விவரிக்கப்படுகிறது.

உதாரணமாக, சேற்றின் பிடிப்பையும் சேர்த்து 400 கிலோ இழுப்பு வேண்டிய ஒரு ஷட்டரை எடுத்துக்கொள்வோம். கயிறு சுற்றும் உருளையின் விட்டம் 100 மி.மீ.; கைப்பிடியின் நீளம் 300 மி.மீ. தண்டில் ஒற்றைப் புரியும் சக்கரத்தில் 40 பற்களும் இருப்பின், கைப்பிடி 40 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும். பல்லின் அளவைக் குறிக்கும் மாட்யூல் 4 என்று கொண்டால், சக்கரத்தின் நடு விட்டம் 40-ஐ 4-ஆல் பெருக்க 160 மி.மீ. ஆகும். தண்டின் நடு விட்டத்தை 48 மி.மீ. என வைத்துக்கொண்டால், இரண்டு அச்சுகளுக்கும் இடையே தூரம் அவ்விரு விட்டங்களின் கூட்டுத்தொகையில் பாதி, அதாவது 104 மி.மீ. புரிக்கும் புரிக்கும் இடையே 12.57 மி.மீ. இருக்கும்.

முதலில் தண்டை வரைய வேண்டும். புரியின் குறுக்குவெட்டு, பக்கத்திற்கு 20 பாகை சாய்ந்த ஒரு சரிவகம். நடு விட்டத்தில் அதன் தடிப்பு, புரியிடைத் தூரத்தில் பாதியாகிய 6.28 மி.மீ.; உராயாமல் ஓடுவதற்காக உண்மைத் தண்டில் இதிலிருந்து 0.2 மி.மீ. குறைத்தல் நலம். புரியின் வெளிவிட்டம் 56 மி.மீ.

சக்கரத்தை வரைவதில்தான் பலரும் தவறுகின்றனர். சாதாரணப் பற்சக்கரம் போல் நேர்ப் பற்களை வரைந்தால், பற்கள் தண்டை ஓரிடத்தில் மாத்திரம் தொட்டு விரைவில் தேயும். பற்கள் தண்டைத் தழுவும்படி குழிந்திருக்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, தண்டையே வெட்டுங்கருவியாக உபயோகிப்பதாகும். வெளிவிட்டத்தை 57.6 மி.மீ. ஆக்கிய ஒரு தண்டைத் தனியே வரைந்து, பற்களில்லாத சக்கரத்திலிருந்து 104 மி.மீ. தூரத்தில் நிறுத்திக் கழிக்க வேண்டும். அதன்பின் சக்கரத்தை 1 பாகையும் தண்டை 40 பாகையும் திருப்பி மறுபடி கழிக்க வேண்டும். ஒரு பள்ளம் தண்டின் நடுவுக்கு 18 பாகை முன்னிருந்து 18 பாகை பின்வரை செல்லும் அளவிற்கு இவ்வாறு செய்து, அப்பள்ளத்தை 9 பாகைக்கு ஒன்றாக 40 இடங்களில் அமைத்தால் சக்கரம் முற்றுப்பெறும். திருப்பும் திசை மாறிவிட்டால் பற்கள் அழிந்து விளிம்பு மழுங்கிவிடும்; அதனால் தவறு உடனே தெரியும். முடிவில் உண்மைத் தண்டைப் பொருத்தி, 10 பாகை வீதம் திருப்பிப் பார்த்து, எங்கும் ஒன்றையொன்று ஊடுருவவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, பலத்தின் கணக்கு. வார்மின் உராய்வு மிக அதிகமாகையால், உராய்வுக் குணகம் 0.1 என்று கொண்டால், செலவழிக்கும் உழைப்பில் ஏறக்குறைய 43 சதவீதமே பயன்படும். ஆகவே 40 மடங்கு என்பது 17 மடங்காகவே கிட்டும். அப்படியிருந்தும் கைப்பிடியில் ஏறத்தாழ 4 கிலோ அழுத்தமே போதும். இதற்கு ஈடாக, ஒரு சுற்றுக்கு 7.85 மி.மீ. மாத்திரமே ஷட்டர் உயரும், 60 செ.மீ. தூக்க 76 சுற்றுகள் வேண்டும்.

இந்த எளிமையிலேயே ஓர் ஆபத்து அடங்கியுள்ளது. ஷட்டர் இறுகிக்கொண்டால், சுற்றுபவர் அதை உணராமலே 20 கிலோ அழுத்தக்கூடும். அப்பொழுது கயிற்றின் இழுப்பு 2 டன்னை எட்டி, சக்கரத்தின் பல் முறியும். ஆகையால் கைப்பிடியைத் தண்டோடு சேர்க்குமிடத்தில் மெல்லிய பித்தளை ஊசி ஒன்றை வைத்து, 8 கிலோ அழுத்தத்தில் அது முறியும்படி அமைக்க வேண்டும். ஊசி முறிந்தால் மாற்றலாம். சக்கரம் முறிந்தால் மதகு திறந்தபடியோ மூடியபடியோ நின்றுவிடும்.

பின்னோக்கிச் சுழலாமல் நிற்கும் குணமும் நிபந்தனைக்கு உட்பட்டது. மேற்கண்ட அளவுகளில் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.08-க்கு மேலிருந்தால்தான் அமைப்பு நிற்கும். புரியைப் பளபளவெனத் தீட்டி நல்ல எண்ணெயிட்டாலோ, அதிர்வு ஏற்பட்டாலோ அது மெதுவாக நழுவலாம். இரட்டைப் புரி வைத்தால் சாய்வு இரண்டு மடங்காகிவிடுவதால், நிற்குமென நம்புவதற்கில்லை. ஆகவே பாரத்தைத் தொங்கவிட்டு, கைப்பிடியை விட்டு ஒரு நாள் முழுதும் கவனித்தபின், கைப்பிடித் தண்டில் ஒரு தடுப்பு நாக்கையும் பொருத்துதல் அவசியம்.