காலியாக இருக்கும் கட்டம்

சர்க்கரை நோயாளி ஒருவரின் ஓ.பி. சீட்டை எடுத்துக்கொள்வோம். "சுகர் 210, பி.பி. 150/90, கால் எரிச்சல், அதே மாத்திரை" என்று மட்டும் இருக்கிறது. இதைப் பதிவேட்டில் ஏற்றவேண்டும்.

210 என்பது வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? இரண்டுக்கும் பொருள் வேறு. காலையில் வந்தவர் என்பதற்காக வெறும் வயிறு என்று ஊகிக்கக் கூடாது. "வகை குறிக்கவில்லை" என்றே எழுதவேண்டும். ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும். அப்போதுதான் 140-ஐத் தாண்டியவர்களைப் பிரித்தெடுக்க முடியும்.

சிக்கல் மூன்றாவது கட்டத்தில். "கால் எரிச்சல்" என்பது நோயாளி சொன்னது, பரிசோதனை அல்ல. விரலிடுக்கைப் பார்த்து, பாதத்தில் நாடியைத் தொட்டு, 10 கிராம் நைலான் இழையால் உணர்ச்சியைச் சோதித்திருந்தால்தான் அங்கே தேதி வரும். வந்த தேதியை அதில் போட்டுவிட்டால், உணர்ச்சியே இல்லாத பாதம் இன்னும் ஓராண்டு யார் கண்ணிலும் படாது. இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் அச்சம் தருவது.

ஆகவே கட்டம் காலியாகவே இருக்கட்டும். ஆனால் கணினியில் தேதிவாரியாக அடுக்கினால் காலிக் கட்டங்கள் பட்டியலின் அடியில் போய்விடும். ஒருமுறைகூடக் கால் பார்க்கப்படாதவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அதனால் முதலில் காலிக் கட்டங்களை மட்டும் வடிகட்டி, அவர்களை அழைக்கவேண்டும். இந்தச் சீட்டுக்காரர் எரிச்சலும் உள்ளவர். அழைப்பு அவரிடமிருந்து தொடங்கவேண்டும்.